இரண்டு பகுதி, மூன்று பாயிண்ட்: ஒப்பீட்டுக் கேள்வியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தண்டையார்பேட்டையில் சாயங்கால நேரத்தில் பிள்ளைகளுக்கு இலக்கியப் பாடம் எடுக்கிறேன். பாடப்புத்தகத்தில் இருக்கும் கதையைப் பற்றிக் கேட்டால் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள்கூட, முன்பின் பார்க்காத இரண்டு உரைநடைப் பகுதிகளைக் கொடுத்து ஒப்பிடச் சொன்னால் தடுமாறிப்போகிறார்கள். தாளைப் பார்த்தால் எழுத்தில் பெரிய குறை இருக்காது. எழுத எடுத்துக்கொண்ட மூன்று பாயிண்ட்டில்தான் கோளாறு இருக்கும். தேர்ந்தெடுக்கும் அந்த ஐந்து நிமிடத்தைப் பற்றி மட்டும் இங்கே சொல்கிறேன்.

வகுப்பில் பழகுவதற்காக நானே எழுதிவைத்த இரண்டு பகுதிகள் இவை. தேர்வில் வருவது இதைவிட நீளமாக இருக்கும். தவறு நடக்கும் இடம் ஒன்றுதான்.

முதல் பகுதி: "லாரி தெருமுனையில் திரும்பும் சத்தம் கேட்டதும் அம்மா எழுந்துவிடுவாள். எனக்கு மஞ்சள் குடம், அக்காவுக்குப் பச்சை. மஞ்சள் குடத்தின் வாய் ஓரத்தில் ஒரு துண்டு உடைந்திருக்கும். அதை வைத்துத்தான் வரிசையில் எங்கள் இடம் எது என்று தெருவுக்கே தெரியும். நாங்கள் தூங்கும்போதும் அந்தக் குடம் எங்களுக்காக நின்றுகொண்டிருந்தது. இப்போது வீட்டில் மூன்று குழாய். ஆனாலும் விடியற்காலையில் ஏதாவது வண்டி திரும்பினால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன்."

இரண்டாம் பகுதி: "வண்டி நிற்பதற்கு முன்பே கைகள் குழாயைப் பிடித்தன. டிரைவர் இறங்கவில்லை. மேலிருந்து பார்த்தால் ஆட்கள் தெரியவில்லை. குடங்கள்தான் தெரிந்தன. எண்ணினான். இருநூறுக்கு மேல் இருந்தது. முந்தின தெருவிலேயே பாதிக்கு மேல் காலி. மிச்சம் நூறு குடத்துக்கு வராது. வரிசையின் கடைசியில் ஒரு சிறுமி குடத்தைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். அவன் ஜன்னல் கண்ணாடியை ஏற்றினான்."

கேள்வி: தண்ணீருக்குக் காத்திருக்கும் அனுபவத்தை இரண்டு எழுத்தாளர்களும் எப்படிக் காட்டுகிறார்கள் என்று ஒப்பிடுக. நேரம் ஒரு மணி.

வியாசர்பாடியிலிருந்து வரும் ஒரு பெண் ஐந்தே நிமிடத்தில் ரஃப் தாளில் மூன்று பாயிண்ட் எழுதிக் காட்டினாள். "ரெண்டுலயும் தண்ணி கஷ்டம் இருக்கு மிஸ். ரெண்டுலயும் வரிசை இருக்கு. ரெண்டுலயும் குடம் வருது." வேகம் நல்ல வேகம். ஆனால் இந்த மூன்றும் ஒரே பாயிண்ட். இரண்டு பகுதியும் எதைப் பற்றியவை என்பதை மூன்று விதமாகச் சொல்லியிருக்கிறாள், அவ்வளவுதான். அது கேள்வியிலேயே இருக்கிறது. கேள்வி கேட்பது "எப்படி" என்பதை.

இதுதான் முதல் தவறு, எல்லாரும் செய்கிற தவறும்கூட: பொருளில் உள்ள ஒற்றுமையை ஒப்பீடு என்று நினைத்துக்கொள்வது. கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. எழுதிய பாயிண்ட்டைப் பகுதிகளைப் படிக்காத ஒருவர் கேள்வித்தாளை மட்டும் பார்த்துச் சொல்லியிருக்க முடியுமா? முடியும் என்றால் அதை அடித்துவிடுங்கள்.

அதற்காக "குடம்" என்ற சொல்லை அவள் பிடித்ததைத் தவறு என்று சொல்லமாட்டேன். இரண்டிலும் வருகிற ஒரே பொருள்தான் பெரும்பாலும் நல்ல பாயிண்ட்டுக்கு வாசல். வாசலிலேயே நின்றுவிட்டாள் என்பதுதான் குறை. "சரிம்மா, குடம் அங்க என்ன பண்ணுது?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மொதல்ல இருக்கறதுல ஆளுக்குப் பதிலா குடம் நிக்குது மிஸ்" என்றாள். இரண்டாவதில்? "அதுலயும் ஆளுக்குப் பதிலாதான் மிஸ்... ஆனா ஆளே தெரியல."

அங்கேதான் பாயிண்ட் பிறந்தது. இரண்டு எழுத்தாளர்களுமே மனிதர் இருக்க வேண்டிய இடத்தில் குடத்தை வைக்கிறார்கள். முதல் பகுதியில் அந்தக் குடத்துக்கு ஒரு நிறம், ஒரு உடைசல், ஒரு குடும்பம் இருக்கிறது. "எங்களுக்காக நின்றுகொண்டிருந்தது" என்னும்போது தூங்கும் பிள்ளைகளுக்குக் காவல் இருப்பதுபோல ஆகிவிடுகிறது. இரண்டாம் பகுதியில் குடங்கள் ஆட்களையே மறைத்துவிடுகின்றன; "இருநூறுக்கு மேல்" என்று வெறும் எண்ணாகின்றன. ஒரே உத்தி, நேர் எதிரான விளைவு. ஒப்பீட்டுக் கேள்வியில் இதைவிட வலுவான பாயிண்ட் கிடைப்பது அபூர்வம். கிடைத்தால் அதையே முதலில் எழுதுங்கள். நேரம் போதாமல் கடைசிப் பத்தி அறைகுறையாக நின்றாலும் இது முழுசாக இருக்கும்.

இந்தப் பாயிண்ட்டுக்கு ஏன் வலு என்று கவனியுங்கள். இரண்டு பக்கமும் விரல் வைத்துக் காட்ட வரி இருக்கிறது. இரண்டும் ஒரே அளவுகோலில் நிற்கின்றன. "அதனால் வாசகருக்கு என்ன ஆகிறது" என்று கேட்டால் இரண்டுக்கும் வேறு வேறு பதில் வருகிறது. ஒரு பாயிண்ட்டை எழுதத் தொடங்கும் முன் இந்த மூன்றையும் பார்க்கச் சொல்கிறேன். பழகினால் ஒரு பாயிண்ட்டுக்கு அரை நிமிடம்கூட ஆகாது.

அடுத்த தவறு, கொஞ்சம் நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் செய்வது. உத்திகளின் பெயரைத் தேடிப் போவார்கள். "முதல் பகுதி தன்மையில் இருக்கிறது, இரண்டாவது படர்க்கையில் இருக்கிறது" என்று ஒரு பாயிண்ட். உண்மைதான், ஆனால் அது ஒரு அடையாளம் மட்டும். யார் பேசுகிறார்கள் என்பதோடு எங்கிருந்து பார்க்கிறார்கள் என்பதையும் சேர்த்தால்தான் உயிர் வரும். முதல் பகுதியில் பேசுபவர் தரையில், வரிசைக்குள் இருந்தவர். அவருக்கு ஒவ்வொரு குடமும் யாருடையது என்று தெரியும். இரண்டாம் பகுதியின் கண் லாரியின் இருக்கையில், மேலே இருக்கிறது. ஆனால் இப்படி விரித்ததும் இன்னொரு சிக்கல் தெரிகிறது. இது குடத்தைப் பற்றிய பாயிண்ட்டுக்குள்ளேயே போய் விழுகிறது. மேலிருந்து பார்ப்பதால்தானே ஆட்கள் மறைகிறார்கள்? தனிப் பாயிண்ட்டாக எழுதினால் அதே மேற்கோள், அதே விளக்கம் திரும்பவும் வரும். ஆகவே பார்வைக் கோணத்தை முதல் பாயிண்ட்டுக்குள்ளேயே சேர்த்துவிட வேண்டும். இரண்டு பாயிண்ட்டுக்கு ஒரே மேற்கோள் தேவைப்பட்டால் அவை இரண்டல்ல என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்படியானால் இரண்டாவது பாயிண்ட்டை எங்கே தேடுவது? நான் காலத்தைப் பார்க்கச் சொல்வேன். உரைநடையில் அது எப்போதும் இருக்கும், பிள்ளைகள் கண்ணில் அரிதாகத்தான் படும். "எழுந்துவிடுவாள்", "உடைந்திருக்கும்", "தெரியும்" என்று முதல் பகுதி போகிறது. பழைய நாட்களைச் சொல்லும்போது தமிழில் "எழுந்துவிடுவாள்" போன்ற எதிர்கால வடிவம் வழக்கத்தைக் குறிக்கும். ஒரு நாள் நடந்ததல்ல, தினமும் நடந்தது. கடைசி இரண்டு வாக்கியத்தில் "இப்போது" என்று நிகழ்காலத்துக்குத் தாவுகிறது. பஞ்சம் போன பிறகும் உடம்பு விழித்துக்கொள்வது தெரிகிறது. இரண்டாம் பகுதியில் பெரும்பாலும் "பிடித்தன", "எண்ணினான்", "ஏற்றினான்" என்று முடிந்துபோன செயல்கள். வாக்கியங்கள் ஒரு சொல்லளவுக்குக் குறுகுகின்றன. மொத்தமும் சில நிமிடத்துக்குள் நடந்துமுடிகிறது. அங்கே காத்திருத்தல் வாழ்நாள் பழக்கம். இங்கே உடனே முடிவெடுக்க வேண்டிய நெருக்கடி.

மூன்றாவதுக்கு முடிவைப் பாருங்கள். முதல் பகுதியைப் படிக்கும்போதே பாயிண்ட் எழுதத் தொடங்கிவிடுகிறவர்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள். அவர்களுடைய மூன்று பாயிண்ட்டும் முதல் பகுதிக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. இரண்டாம் பகுதியை அதற்குள் திணிக்க வேண்டியிருக்கும். "முதல் பகுதியில் நினைவேக்கம் இருக்கிறது, இரண்டாம் பகுதியில் இல்லை" என்பது மாதிரி வாக்கியம் வந்தால் அதுதான் அடையாளம். இல்லாததை எழுதக் கூடாது என்று விதி ஒன்றும் கிடையாது. அந்த இல்லாமை ஏதாவது வேலை செய்தால் எழுதலாம். இரண்டாம் பகுதியில் ஒரு உணர்ச்சிச் சொல்கூட இல்லை. டிரைவர் வருந்தினான் என்றோ வெட்கப்பட்டான் என்றோ எழுத்தாளர் சொல்லவில்லை. கண்ணாடியை ஏற்றுகிறான், அதோடு முடிகிறது. குற்ற உணர்வா, பயமா, சலிப்பா என்று வாசகர்தான் தேட வேண்டும். முதல் பகுதியின் முடிவிலும் "பயம்" என்ற சொல் இல்லை, ஆனால் எழுந்து உட்காரும் உடம்பு அதை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறது. இரண்டு பகுதியும் ஒரு சின்ன உடல்செயலோடு முடிகின்றன. ஒன்று மனதைத் திறந்து காட்டுகிறது, மற்றது மூடிக்கொள்கிறது. ஆக, இல்லாமையிலிருந்து தொடங்கினாலும் இரண்டு பக்கமும் மேற்கோளோடு நிற்கிற பாயிண்ட் இது.

ஒரு மணி நேரத்தில் நான் பழக்குகிற கணக்கு இது: இரண்டையும் படிக்கப் பன்னிரண்டு நிமிடம், தேர்ந்தெடுக்க ஐந்து, எழுத முப்பத்தெட்டு, திரும்பப் படிக்க ஐந்து. இரண்டையும் படித்து முடிக்கும்வரை பாயிண்ட் எழுதுவதில்லை. கண்ணில் பட்ட வரியின் ஓரத்தில் ஒரு கோடு மட்டும். ஐந்து நிமிடத்தில் முதலில் ஐந்தாறு யோசனைகளை ஓரிரு சொல்லில் குறித்துவிட்டு, பக்கத்திலேயே இரண்டு மேற்கோளின் முதல் சொல்லை எழுத வேண்டும். ஏதாவது ஒரு பக்கம் காலியாக இருந்தால் அந்த யோசனை போகட்டும். ரஃப் தாளில் மேலே சொன்னவை இப்படித்தான் இருக்கும்: குடம், "எங்களுக்காக", "ஆட்கள்". காலம், "எழுந்துவிடுவாள்", "எண்ணினான்". முடிவு, "உட்கார்ந்துவிடுகிறேன்", "கண்ணாடியை".

எழுதும்போது நடக்கும் ஒரு தவறு இந்த உழைப்பை எல்லாம் வீணாக்கிவிடும். முதல் பகுதியைப் பற்றி ஒரு பக்கம், பிறகு "மறுபுறம்" என்று தொடங்கி இரண்டாம் பகுதியைப் பற்றி ஒரு பக்கம். ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியத்திலேயே இரண்டு பகுதியும் வந்துவிட வேண்டும். "இரண்டு எழுத்தாளர்களும் மனிதருக்குப் பதிலாகக் குடத்தை நிறுத்துகிறார்கள், முதலாமவர் அதில் ஒரு குடும்பத்தைக் காட்டுகிறார், மற்றவர் அதற்குப் பின்னால் ஒரு தெருவையே மறைக்கிறார்" என்று தொடங்கினால் பத்தி தானாகவே இரண்டுக்கும் போய்வரும்.

ஐந்து நிமிடம் முடிந்தும் இரண்டுதான் கிடைத்தது என்றால் மூன்றாவதாக ஒரு உவமையைப் பிடித்து இழுக்காதீர்கள். இரண்டு பகுதியின் முதல் வாக்கியங்களை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். இங்கே ஒன்று சத்தத்தில் தொடங்குகிறது, லாரி இன்னும் கண்ணுக்குத் தெரியவில்லை. மற்றது கைகளில் தொடங்குகிறது, லாரி இன்னும் நிற்கக்கூட இல்லை. அந்த வியாசர்பாடிப் பெண் மறுவாரம் இதைத்தான் மூன்றாவது பாயிண்ட்டாக எழுதிக்கொண்டு வந்தாள்: முதல் பகுதியில் லாரி வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பு, இரண்டாவதில் வந்துவிட்டது என்ற அவசரம். நான் சொன்ன முடிவுப் பாயிண்ட்டை அவள் எடுக்கவே இல்லை. அதற்கும் முழு மதிப்பெண் போட்டேன்.