கிளிக் விகிதம் சரிகிறது என்பதற்காக மட்டும் கிரியேட்டிவை மாற்றாதீர்கள்

'பத்து நாளுக்கு ஒருமுறை படத்தை மாற்றிவிடுங்கள்' என்ற அறிவுரையைக் கேட்காத விளம்பரக்காரர் இருக்க மாட்டார். காலண்டரைப் பார்த்து கிரியேட்டிவை, அதாவது விளம்பரத்தின் படத்தையும் வாசகத்தையும், மாற்றுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. ஒரு விளம்பரம் எத்தனை நாள் தாங்கும் என்பது, அதே ஆட்களின் கண்ணில் அது எவ்வளவு வேகமாகத் திரும்பத் திரும்பப் படுகிறது என்பதைப் பொறுத்தது. ஏற்கெனவே தளத்துக்கு வந்துபோன சில ஆயிரம் பேருக்கு மட்டும் காட்டும் ரீடார்கெட்டிங் விளம்பரம் ஒரே வாரத்தில் சலித்துவிடலாம். அதே படத்தைப் பெரிய கூட்டத்துக்குக் காட்டினால் மாதக்கணக்கில் ஓடும். நாள் கணக்கு இரண்டுக்கும் ஒன்றாக இருக்க முடியாது.

அப்படியென்றால் எதைப் பார்ப்பது? ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். எந்த நாணயமாக இருந்தாலும் சரி, அலகு என்றே சொல்கிறேன். ஒரு விளம்பரத்துக்கு தினமும் 600 அலகு செலவு. ஆயிரம் காட்சிக்கு 60 அலகு ஆகிறது, ஆக தினமும் 10,000 காட்சி. முதல் வாரம் கிளிக் விகிதம் 1.5%. அதாவது நாளுக்கு 150 கிளிக், ஒரு கிளிக்குக்கு 4 அலகு. அடுத்தடுத்த வாரங்களில் விகிதம் 1.35, 1.2, 1.05 என்று இறங்குகிறது.

இங்கேயே இரண்டு இடத்தில் கண் ஏமாறும். முதலாவது, டாஷ்போர்டில் விளம்பரம் தொடங்கிய நாளிலிருந்து கணக்கிட்ட மொத்த சராசரியைப் பார்ப்பது. நான்காவது வார முடிவில் அந்த சராசரி 1.275 என்று காட்டும். ஏதோ 15% குறைந்திருக்கிறது என்று நினைத்துக்கொள்வோம். உண்மையில் அந்த வாரத்து விகிதம் 1.05தான், சரிவு 30%. நல்ல நாட்கள் கெட்ட நாட்களை மூடிவிடுகின்றன. அதனால் தேதி வரம்பை ஏழு ஏழு நாளாகப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டாவது இதற்கு நேர் எதிரானது: ஒரு நாள் இறங்கியதும் பதறுவது. நாளுக்கு 150 கிளிக் வரும் விளம்பரத்தில், எதுவுமே மாறாவிட்டாலும் ஒரு நாள் 130, மறுநாள் 170 என்று வருவது சகஜம். தற்செயலாகவே 15% வரை ஆடும். ஏழு நாளைச் சேர்த்தால் ஆயிரத்துக்கு மேல் கிளிக் வந்துவிடும், ஆட்டம் 6 சதவீதத்துக்குள் அடங்கும். வார நாள், விடுமுறை நாள் வித்தியாசமும் அதிலேயே அடிபட்டுப் போகும். ஒரு செவ்வாய்க்கிழமை எண்ணை நம்பி நன்றாக ஓடிக்கொண்டிருந்த விளம்பரத்தை நானே நிறுத்தியிருக்கிறேன். அதற்குப் பதிலாக வந்தது அதன் அளவுக்கு ஒருநாளும் ஓடவில்லை.

அடுத்த தவறுதான் பணத்தை அதிகம் தின்கிறது. கிளிக்குக்கான செலவு ஏறினாலே கிரியேட்டிவ் பழசாகிவிட்டது என்று முடிவுகட்டுவது. CPC எனப்படும் அந்தச் செலவுக்குப் பின்னால் இரண்டு எண்கள் இருக்கின்றன, ஆயிரம் காட்சிக்கான விலையான CPM, கிளிக் விகிதமான CTR:

```
CPC = CPM / (10 × CTR%)
```

60 அலகு CPM, 1.5% விகிதம் என்றால் கிளிக் 4 அலகு. விகிதம் 1.0 ஆகக் குறைந்தால் கிளிக் 6 அலகு. விகிதம் 1.5 ஆகவே இருந்து, CPM 90 ஆக ஏறினாலும் கிளிக் அதே 6 அலகுதான். முதலாவதில் மக்களுக்குப் படம் சலித்திருக்கிறது. இரண்டாவதில் விளம்பர இடத்துக்கான ஏலத்தில் போட்டி கூடியிருக்கிறது, பண்டிகைக் காலத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் பணத்தை இறக்கும்போது நடப்பதுபோல. அங்கே புதுப் படம் போட்டாலும் ஏல விலை இறங்கப்போவதில்லை.

ஒரு சிக்கல் இருக்கிறது. யாரும் கிளிக் செய்யாத விளம்பரத்தை ஏலத்தில் விளம்பரத் தளங்கள் பின்னுக்குத் தள்ளுகின்றன, அதனால் சலிப்பே CPM-ஐயும் ஏற்றிவிடலாம். எது எது என்று பிரிக்க, அதே கூட்டத்துக்கு ஓடும் உங்கள் மற்ற விளம்பரங்களைப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே வாரத்தில் CPM ஏறியிருந்தால் அது சந்தை. இது ஒன்றுக்கு மட்டும் ஏறி, விகிதமும் இறங்கி, ஒரே ஆள் பார்க்கும் சராசரி தடவையும் கூடியிருந்தால் அது சலிப்பு.

சரி, சலிப்புதான் என்று தெரிந்துவிட்டது. உடனே மாற்ற வேண்டுமா? இங்கேதான் பலர் கணக்குப் போடாமல் விடுகிறார்கள். சரிவால் நாளுக்கு எவ்வளவு போகிறது என்பது எளிய கணக்கு: தினசரி செலவு பெருக்கல் சரிவு சதவீதம். இரண்டாவது வாரம் 10% சரிவு, நாளுக்கு 60, வாரத்துக்கு 420 அலகு. மூன்றாவது வாரம் 840. நான்காவது வாரம் 1,260. மொத்தம் 2,520.

இதை எதனுடன் ஒப்பிடுவது? புது கிரியேட்டிவுக்கு ஆகும் முழுச் செலவுடன். டிசைனர் வாங்கும் 500 அலகை மட்டும் எழுதினால் கணக்கு தப்பிவிடும். மூன்று செய்தால் ஒன்று தேறும் என்பது உங்கள் அனுபவமென்றால், ஒரு நல்ல கிரியேட்டிவின் விலை 1,500. தேறாத இரண்டை ஓட்டிப் பார்த்ததில் வீணானது 1,000 என்று வையுங்கள். ஆக 2,500. சேர்ந்துகொண்டே வரும் இழப்பு இந்தத் தொகையைத் தொடும் இடம்தான் மாற்ற வேண்டிய நேரம், அதாவது நான்காவது வார முடிவு. சரிவு ஏறக்குறைய சீராக இருக்கும்வரை இந்த விதி சரியாக வரும்.

மாற்றும் செலவையும் இழப்பையும் கூட்டி வாரங்களால் வகுத்துச் சரிபார்க்கலாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றினால் வாரத்துக்கு 1,460 அலகு ஆகிறது. மூன்று வாரமோ நான்கு வாரமோ என்றால் கிட்டத்தட்ட 1,255. ஐந்து வாரமானால் 1,340. மூன்றுக்கும் நான்குக்கும் வித்தியாசமே இல்லை என்பதைக் கவனியுங்கள். சில நாள் முன்பின் ஆனால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. 500 மட்டும் எழுதியவர் இரண்டு வாரத்திலேயே மாற்றி, வாரத்துக்கு 200 அலகு கூடுதலாக இழப்பார்.

இந்தக் கணக்கில் 1.5 என்பதை எங்கிருந்து எடுத்தோம் என்பதும் முக்கியம். தொடங்கிய முதல் ஓரிரு நாள் உச்சத்தை அளவுகோலாக வைத்தால் எல்லா விளம்பரமும் சரிந்ததாகத்தான் தெரியும். புதுசாக ஒன்று போட்டால் எங்கே தொடங்கும் என்பதே நமக்கு வேண்டிய எண். கடைசியாகப் போட்ட நான்கைந்து கிரியேட்டிவ்களின் முதல் முழு வார விகிதத்தை வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை எடுங்கள். அது 1.3 என்றால், 1.2-ல் ஓடும் பழைய விளம்பரத்தின் இழப்பு 20% அல்ல, 8 சதவீதத்துக்கும் குறைவு.

அப்புறம், கிளிக் குறைந்தும் ஆர்டருக்கான செலவு அப்படியே இருந்தால் கை வைக்காதீர்கள். சும்மா தட்டிப் பார்த்தவர்கள் விலகி, வாங்குபவர்கள் மட்டும் கிளிக் செய்கிறார்கள் என்று அர்த்தம்.

மாற்றும் நாளில் பழையதை அணைத்துவிட்டுப் புதியதை ஏற்றாதீர்கள். ஓடும் விளம்பரத்துக்குள்ளேயே படத்தை மாற்றினால் யாருக்குக் காட்டுவது என்று விளம்பரத் தளம் மறுபடி முதலிலிருந்து கற்கத் தொடங்கும், அந்த நாட்களில் செலவு தாறுமாறாக இருக்கும். பழையதை அப்படியே ஓடவிட்டு, புதியவற்றைத் தனியாக, சின்னத் தொகையில் தொடங்குங்கள். ஒரு முழு வாரத்தில் புதியதின் ஆர்டர் செலவு பழையதைவிடக் குறைந்தால் பணத்தை அங்கே நகர்த்துங்கள். குறையாவிட்டால் பழையது, 1.05-ல் இருந்தாலும், தொடரட்டும்.