31 ஆகஸ்ட்டு தேதியில மாட்டுன 21.92 ரிங்கிட்

சுங்கை சிப்புட்ல எங்க தோட்டத்து கூட்டுறவு சங்க கணக்கு நான்தான் பாக்குறேன். 1,00,000 ரிங்கிட் பாண்ட், வருஷத்துக்கு 4%, மூணு மாசத்துக்கு ஒருக்கா வட்டி. 2022 ஆகஸ்ட்டுல வந்த வட்டி என் ஷீட்ட விட 21.92 கம்மி. ரேட்ட பாத்தேன், சரி. 365க்கு பதிலா 360 போட்டாங்களோன்னு பாத்தேன், அப்படின்னா கூடத்தானே வரணும். மூணு நாள் போச்சு.

நவம்பர் வட்டி வந்தப்பதான் பிடி கெடச்சது, அதே 21.92 இப்ப அதிகமா! ரெண்டு நாள் வட்டி ஒரு தவணையில இருந்து அடுத்ததுக்கு நகந்திருக்கு.

ஆகஸ்ட்டு 31 மெர்டேக்கா லீவு. நான் ஃபாலோயிங்னு அடுத்த வேலை நாளுக்கு, 1 செப்டம்பருக்கு தள்ளிட்டேன், மே 31ல இருந்து 93 நாள். பத்திரத்துல இருந்தது மாடிஃபைட் ஃபாலோயிங், தள்ளுனா மாசம் மாறுதுன்னா முந்தின வேலை நாளுக்கு வரணும், அதாவது 30 ஆகஸ்ட்டு, 91 நாள். வட்டி நாளையும் அந்த மாத்துன தேதிய வெச்சே எண்ணணும்னும் அதுலயே இருக்கு, சில பத்திரத்துல பணம் வர்ற தேதி மட்டும்தான் நகரும், வட்டி மாறாது, அதையும் பாத்துக்குங்க.

A2ல மூல தேதி, H2:H20ல லீவு லிஸ்ட், இப்படி மாத்துனதும் ரெண்டு தவணையும் சென் பிசகாம ஒத்துப்போச்சு, அப்பாடா:

```
=IF(MONTH(WORKDAY(A2-1,1,H$2:H$20))=MONTH(A2),
 WORKDAY(A2-1,1,H$2:H$20),
 WORKDAY(A2+1,-1,H$2:H$20))
```