காலடி எண்ணும் செயலியில் 0.8 என்ற எண் செய்யும் குழப்பம்

ஆண்ட்ராய்டு போனின் முடுக்கமானியை வைத்துக் காலடி எண்ண முயல்பவர்கள் பெரும்பாலும் முதலில் z அச்சின் மதிப்பை மட்டும் பார்த்து, அது ஓர் எல்லையைத் தாண்டினால் ஓர் அடி என்று எழுதிவிடுகிறார்கள். போன் மேசையில் மல்லாந்து கிடக்கும்போது z அச்சு ஏறத்தாழ 9.8 காட்டும், சட்டைப்பையில் நிமிர்ந்து நின்றால் அந்த 9.8 அப்படியே y அச்சுக்குப் போய்விடும். முடுக்கமானி அசைவோடு புவியீர்ப்பையும் சேர்த்தே அளக்கிறது என்பதால், மூன்று அச்சுகளின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்து, போன் எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் மாறாத ஒற்றை அளவாக்கிக்கொள்வது நல்லது. இந்தப் பிழை முதல் நாளிலேயே தெரிந்துவிடும்.

வடிகட்டியில் நேரும் பிழை அவ்வளவு எளிதில் தெரியாது. புவியீர்ப்பைப் பிரித்தெடுக்க, பழைய மதிப்பில் 0.8 பங்கும் புதிய மதிப்பில் 0.2 பங்கும் சேர்க்கும் லோ பாஸ் ஃபில்டரைப் பலரும் எடுத்துக்காட்டுகளிலிருந்து அப்படியே நகலெடுக்கிறார்கள். ஆனால் 0.8 என்பதற்குத் தனியாக ஒரு பொருளும் இல்லை. இரண்டு அளவீடுகளுக்கு இடையே எவ்வளவு நேரம் கழிகிறது என்பதோடு சேர்த்தால்தான் அதற்குப் பொருள் வருகிறது. SENSOR_DELAY_GAME என்ற வேகத்தைக் கேட்டு 20 மில்லிவிநாடிக்கு ஒரு முறை மதிப்பு வந்தால், அந்த ஃபில்டரின் வெட்டு அதிர்வெண், அதாவது எந்த வேகத்துக்கு மேலான ஆட்டத்தை அது நன்றாகக் குறைக்கிறதோ அந்த எல்லை, சுமார் 2 ஹெர்ட்ஸ். இயல்பாக நடப்பவர் விநாடிக்கு ஏறத்தாழ இரண்டு அடி வைக்கிறார். ஆகவே காலடியின் ஒரு பகுதியையே புவியீர்ப்பு என்று கணக்கிட்டு நாம் கழித்துவிடுகிறோம். அலையின் உயரத்தில் சுமார் 30 சதவீதம் போய்விடுகிறது. அதே 0.8-ஐ 200 மில்லிவிநாடி இடைவெளியில் பயன்படுத்தினால் வெட்டு அதிர்வெண் 0.2 ஹெர்ட்ஸாக இறங்கி, புவியீர்ப்பு சரியாகப் பிரிகிறது. ஆனால் அப்போது ஓர் அடிக்கு இரண்டரை அளவீடுகளே கிடைப்பதால், அலையின் உச்சி நமக்குத் தெரியாமலேயே கடந்துபோகும். நாம் கேட்கும் இடைவெளி ஒரு குறிப்பு மட்டுமே, போன் அதைவிட வேகமாகவும் அனுப்பலாம் என்பதால், ஒரு போனில் ஒழுங்காக எண்ணிய செயலி இன்னொன்றில் தடுமாறுகிறது.

எனவே பங்கை நிலையாக எழுதாமல், எத்தனை விநாடிக் கால அளவில் சமன்படுத்த வேண்டும் என்பதை முடிவு செய்து, ஒவ்வொரு முறையும் உண்மையில் கழிந்த நேரத்தைக் கொண்டு பங்கைக் கணக்கிட வேண்டும். `timestamp` நானோவிநாடியில் வருகிறது.

```kotlin
val dt = (e.timestamp - prev) / 1e9f
prev = e.timestamp
val m = sqrt(x*x + y*y + z*z)
g += (m - g) * dt / (1.0f + dt)
s += (m - g - s) * dt / (0.05f + dt)
```

இங்கே g ஒரு விநாடிக் கால அளவில் மெல்ல நகரும் புவியீர்ப்பு. s என்பது 0.05 விநாடியில் இரைச்சல் நீக்கிய காலடி அலை. முதல் அளவீடு வந்தவுடன் g-க்கு m-இன் மதிப்பையே கொடுத்து, prev-ஐயும் அந்த நேரத்தில் வைத்துவிட வேண்டும். பூஜ்ஜியத்தில் தொடங்கினால், போன் அசையாமல் இருந்தாலும் மூன்று விநாடிக்கு மேல் s பொய்யாக உயர்ந்தே நிற்கும். என் முதல் செயலி திறந்தவுடன் எப்போதும் ஓர் அடி காட்டியதற்குக் காரணம் இதுவே.

சமன்படுத்திய பிறகும் ஒரே எல்லைக்கோடு போதாது. கோடு 1.0 என்று வைத்திருக்கும்போது s 0.8, 1.1, 0.9, 1.2 என்று வந்தால், ஒரே காலடி இரண்டாக எண்ணப்படும். 1.0-க்கு மேல் ஏறும்போது எண்ணி, 0.3-க்குக் கீழே இறங்கிய பிறகே அடுத்ததற்குத் தயாராகுமாறு இரண்டு கோடுகள் வைத்து, அடிகளுக்கு இடையே குறைந்தது 250 மில்லிவிநாடி கழிந்திருக்க வேண்டும் என்றும் சேர்த்தால் இந்த இரட்டிப்பு நின்றுவிடும்.

குலுக்கலைக் கண்டறிய இதே s-ஐப் பயன்படுத்துவது வேறொரு தவறு. போனை விநாடிக்கு ஐந்து முறை பலமாக முன்னும் பின்னும் ஆட்டினால், போகும்போது ஒன்றும் வரும்போது ஒன்றுமாக m விநாடிக்குப் பத்து உச்சிகள் காட்டும், 0.05 விநாடி ஃபில்டர் அவற்றின் உயரத்தை மூன்றில் ஒரு பங்காக்கிவிடும். குலுக்கலுக்குச் சமன்படுத்தாத m-ஐயே எடுத்து, ஒரு விநாடிக்குள் மூன்று முறையாவது அது 20-ஐத் தாண்டியதா என்று பாருங்கள். ஒரே ஓர் உச்சியை நம்பினால், போனை மேசையில் சற்று வேகமாக வைத்தாலே குலுக்கல் என்று சொல்லிவிடும்.

பேருந்தின் ஆட்டம் காலடியின் அதிர்வெண்ணிலேயே வந்தால் எந்த ஃபில்டராலும் அதைப் பிரிக்க முடியாது. அங்கே உதவுவது இடைவெளிகளின் சீர்மைதான்: ஏறத்தாழ ஒரே இடைவெளியில் ஆறு அடிகள் தொடர்ந்து வரும்வரை எண்ணிக்கையைத் திரையில் கூட்டாமல் வைத்திருந்து, ஆறாவது வந்ததும் ஆறையும் சேர்த்துக் கூட்டலாம். சமையலறையில் இரண்டடி மூன்றடியாக நடப்பவரின் கணக்கு இதனால் குறையும்.