டிராக்கிங் நின்ற நாட்களை அறிக்கையில் எப்படிக் காட்டுவது?

நிலாவெளி விடுதி ஒன்றின் புக்கிங் தளத்தில் வெள்ளி முதல் ஞாயிறு வரை புக்கிங்குகளை எண்ணும் டிராக்கிங் டேக் வேலை செய்யவில்லை என்று வைத்துக்கொள்வோம். விளம்பரக் கிளிக்குகள் மட்டும் பதிவாகியிருக்கின்றன: 600. விடுபட்ட புக்கிங்குகளுக்கு மாதச் சராசரியை அப்படியே போடாதீர்கள். திருகோணமலை சீசனில் வார இறுதி வேறு, வாரநாள் வேறு. முந்தைய நான்கு வாரங்களின் இதே மூன்று நாட்களை எடுங்கள். 2,000 கிளிக்குக்கு 60 புக்கிங் என்றால் 3%. அப்போ பதிவாகாமல் போனவை சுமார் 18. வாரத்துக்கு வாரம் அந்த வீதம் 2.5 முதல் 3.5% வரை ஆடியிருந்தால், 15–21 என்று எழுதுவதுதான் நேர்மை.

அப்புறம் விடுதியின் முன்பதிவுப் புத்தகத்தையும் பாருங்கள். அந்த மூன்று நாட்களில் இணைய வழியில் மொத்தமே 11 புக்கிங் வந்திருந்தால் புத்தகம்தான் சரி.

இந்த 18ஐப் பதிவான எண்ணோடு கூட்டிவிடாதீர்கள். தனி வரியில் ‘மதிப்பீடு: டேக் செயலிழப்பு, வெள்ளி–ஞாயிறு, முந்தைய நான்கு வார இறுதிகளின் வீதப்படி’ என்று போடுங்கள், வரைபடத்தில் புள்ளிக்கோடு.