ஆன்டிபாடி எதை எப்படி பிடிக்குது? ஹெவி செயின், லைட் செயின் விஷயத்துல தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆன்டிபாடி படம் வரையச் சொன்னா எல்லாருமே ஒய் மாதிரி ஒண்ணு போட்டு ஹெவி செயின் லைட் செயின்னு பேர் எழுதிடுவாங்க, அதுல தப்பில்ல, ஆனா அந்த ரெண்டு செயினும் எதையோ போய் கரெக்டா பிடிக்குது, வேற எதையும் பிடிக்க மாட்டேங்குது, அது எப்படின்னு கேட்டா அங்கதான் குழப்பம் ஆரம்பிக்குது. திரும்பத் திரும்ப பார்க்குற தப்புகளை மட்டும் எடுத்து, டி1.3ங்கிற ஒரே ஒரு ஆன்டிபாடியை வச்சு சொல்றேன். கோழி முட்டை வெள்ளைக்கருவுல இருக்குற லைசோசைமை பிடிக்கற எலி ஆன்டிபாடி அது. ஆன்டிபாடியும் ஆன்டிஜெனும் ஒட்டிக்கிட்டு இருக்கறதை எக்ஸ்ரே கிரிஸ்டல்ல ரொம்ப ஆரம்பத்துலயே தெளிவா காட்டினது இதுதான், 1986ல பாரிஸ் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்ல ரொபெர்த்தோ பொல்யாக் குழு பண்ணது.

முதல் தப்பு, ஒய்யோட தண்டு ஹெவி செயின், மேல இருக்குற ரெண்டு கையும் லைட் செயின்னு நினைக்கறது. அப்படி இல்லவே இல்ல. ஐஜிஜில ஹெவி செயின் கை நுனியில ஆரம்பிச்சு கை வழியா கீழ இறங்கி தண்டு வரைக்கும் போகுது, லைட் செயின் கையில மட்டும் அதுக்குப் பக்கத்துலயே ஒட்டி நிக்குது. சுமார் 110 அமினோ ஆசிட் சேர்ந்தா ஒரு டொமைன்னு கணக்கு வச்சுக்கோங்க, லைட் செயின்ல ரெண்டு டொமைன், ஹெவி செயின்ல நாலு. அதனாலதான் பீட்டா மெர்காப்டோஎத்தனால் போட்டு காய்ச்சி ஜெல் ஓட்டினா 50 கிலோடால்டன்கிட்ட ஒரு பேண்டும் 25கிட்ட ஒரு பேண்டும் வருது, போடாம ஓட்டினா 150 பக்கத்துல ஒரே பேண்டா நிக்குது. ரெண்டு பேண்டு வந்ததைப் பார்த்து சாம்பிள் சுத்தமா இல்லன்னு தூக்கிப் போடாதீங்க, அது செயின் பிரிஞ்சதால வர்றது.

இதோட சேர்ந்தே வர்ற இன்னொண்ணு, கப்பா லாம்டா லைட் செயினை வச்சு ஐஜிஜியா ஐஜிஎம்மான்னு சொல்லலாம்னு நினைக்கறது. முடியாது. கிளாஸை முடிவு பண்றது ஹெவி செயினோட கான்ஸ்டன்ட் பகுதிதான், கப்பாவோ லாம்டாவோ எந்த கிளாஸ் கூடவும் வரலாம்.

அடுத்தது கொஞ்சம் ஆழமான தப்பு. வேரியபிள் டொமைன்னு பேர் இருக்கறதால அந்த 110 அமினோ ஆசிடும் ஆன்டிபாடிக்கு ஆன்டிபாடி தாறுமாறா மாறும், எல்லாமே ஆன்டிஜெனை தொடும்னு நினைக்கறாங்க. 1970ல வூவும் கபாட்டும் அப்ப கிடைச்ச லைட் செயின் சீக்வென்ஸை எல்லாம் வரிசையா அடுக்கி ஒவ்வொரு இடத்துலயும் எவ்வளவு மாறுதுன்னு பார்த்தப்பவே தெரிஞ்சுது, மாற்றம் முழுக்க மூணு இடத்துல குவிஞ்சு கிடக்கு, மீதி பெரும்பாலும் ஒரே மாதிரி. அந்த மூணு இடத்தைத்தான் சிடிஆர்னு சொல்றோம், ஹெவில மூணு லைட்ல மூணு, ஒரு கைக்கு மொத்தம் ஆறு. மீதி ஃபிரேம்வொர்க். சீக்வென்ஸ்ல இந்த சிடிஆர் எல்லாம் தள்ளித் தள்ளி இருக்கும், ஆனா புரோட்டீன் மடிஞ்சதும் ஆறு லூப்பும் கை நுனியில ஒரே பக்கம் வந்து ஒண்ணா உட்கார்ந்துக்கும். ஆன்டிஜென் பார்க்கறது இந்த ஆறு லூப் சேர்ந்து உண்டாக்குற மேல்பரப்பைத்தான். பேப்பர்ல எழுதின சீக்வென்ஸை மட்டும் பார்த்துட்டு இந்த சிடிஆர் இதைப் பிடிக்கும்னு சொல்றவங்க இந்த மடிப்பை மறந்துடறாங்க.

ஆறுலயும் ஹெவி செயினோட மூணாவது சிடிஆர்தான் நீளத்துலயும் வடிவத்துலயும் அதிகமா மாறுறது. காரணம் அது ஜீன்ல ரெடியா உட்கார்ந்திருக்கறது இல்ல. வி, டி, ஜேன்னு மூணு துண்டு வெட்டி ஒட்டும்போது அந்த ஒட்டு விழற இடத்துலதான் அது உருவாகுது, ஒட்டும்போது கொஞ்சம் நியூக்ளியோடைட் போகும் கொஞ்சம் புதுசா சேரும். ஆன்டிஜெனைப் பார்த்து அதுக்கு ஏத்த மாதிரி ஆன்டிபாடி மடிஞ்சுக்கும்னு 1940ல பாலிங்கே சொன்னார், அந்தக் கருத்து தப்புன்னு ஆகி ரொம்ப காலம் ஆச்சு, ஆனா பேச்சுல இன்னும் வந்துக்கிட்டே இருக்கு. ஆன்டிஜென் உள்ள வர்றதுக்கு முன்னாடியே பி செல் தன்னோட ஆன்டிபாடியை முடிவு பண்ணிடுது, ஆன்டிஜென் வந்து பொருந்துற செல்லை பெருக வைக்குது, அப்புறம் மியூட்டேஷன் வந்து பிடி இன்னும் இறுகுது.

இப்ப டி1.3க்கு வருவோம், ஏன்னா மூணாவது தப்பு இங்கதான் நல்லா உடையும். பிடிக்கற இடம்னா பூட்டுல சாவி போற மாதிரி ஒரு ஆழமான குழின்னு எல்லாரும் மனசுல வச்சிருக்காங்க. சின்ன மூலக்கூறைப் பிடிக்கற ஆன்டிபாடில குழி இருக்கும், உண்மைதான். ஆனா புரோட்டீனைப் பிடிக்கும்போது பெரும்பாலும் அப்படி இருக்காது. டி1.3 லைசோசைமை தொடுற இடம் சுமார் 30க்கு 20 ஆங்ஸ்ட்ராம் அளவுல ஓரளவு தட்டையான பரப்பு, ஆறு சிடிஆரும் அதுல பங்கு எடுக்குது. லைசோசைம் பக்கம் பார்த்தா தொடுற அமினோ ஆசிட் எல்லாம் ரெண்டு தனித்தனி துண்டுல இருந்து வருது, 18ல இருந்து 27 வரைக்கும் ஒண்ணு, 116ல இருந்து 129 வரைக்கும் இன்னொண்ணு. சீக்வென்ஸ்ல ரெண்டுக்கும் நடுவுல கிட்டத்தட்ட 90 அமினோ ஆசிட் தூரம், மடிஞ்ச புரோட்டீன்ல ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல. அதனால ஒரு புரோட்டீனை சின்னச் சின்ன பெப்டைடா உடைச்சு எலைசா போட்டு எதுலயும் சிக்னல் வரலைன்னா ஆன்டிபாடி வேலை செய்யலன்னு முடிவு பண்ணக் கூடாது, அது பிடிக்கற இடம் இந்த மாதிரி ரெண்டு துண்டு சேர்ந்தாதான் உண்டாகுறதா இருக்கலாம்.

அந்தத் தட்டையான பரப்புல ஒரே ஒரு இடத்துல லைசோசைமோட 121வது அமினோ ஆசிட், குளூட்டமின், வெளிய நீட்டிக்கிட்டு ஆன்டிபாடிக்குள்ள நுழையுது. எங்க நுழையுதுன்னு பாருங்க, ஹெவிக்கும் லைட்டுக்கும் நடுவுல. லைட் செயின் பக்கம் இருந்து 32வது டைரோசினும் 92வது டிரிப்டோஃபேனும் ஹெவி செயின் மூணாவது சிடிஆர்ல இருந்து 101வது டைரோசினும் அதைச் சுத்தி நிக்குது. ரெண்டு செயினும் சேராம அந்த இடமே கிடையாது. வான்கோழி லைசோசைம்ல அதே 121ல ஹிஸ்டிடின் இருக்கு, டி1.3 அதைப் பிடிக்கறது ரொம்பவே வீக். லைசோசைமோட மீதி எல்லாம் கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கு, ஆனா அந்த வளையம் நிறைஞ்ச ஹிஸ்டிடின் அந்த இடுக்குல சரியா உட்காராது. ஸ்பெசிஃபிசிட்டிங்கிறது கண்ணுக்கு முன்னாடி இப்படித்தான் இருக்கு. நீங்களே பார்க்கலாம், புரோட்டீன் வடிவத்தைக் காட்டுற பைமால் சாஃப்ட்வேர் இருந்தா இதைப் போடுங்க:

```
fetch 1vfb
hide everything
show cartoon
select otti, byres ((polymer and chain A+B) within 4 of (chain C and resi 121))
show sticks, otti or (chain C and resi 121)
show nb_spheres, (solvent within 4 of (polymer and chain A+B)) and (solvent within 4 of (polymer and chain C))
```

இதுல ஏ லைட் செயின், பி ஹெவி செயின், சி லைசோசைம். இந்த ஸ்ட்ரக்சர் 1.8 ஆங்ஸ்ட்ராம் ரெசல்யூஷன்ல எடுத்தது, அதனால நடுவுல தண்ணி மூலக்கூறுகள் இடைவெளியை நிரப்பிக்கிட்டு ரெண்டு பக்கமும் ஹைட்ரஜன் பாண்ட் போட்டுக்கிட்டு நிக்கறதும் தெரியும். ரெண்டு பரப்பும் இடைவெளியே இல்லாம கச்சிதமா ஒட்டிக்கும்னு நினைக்கறவங்க அதைக் கட்டாயம் பார்க்கணும்.

நாலாவது தப்பு ரெண்டு பக்கமும் நடக்குது. சிலர் ஹெவி செயின்தான் எல்லாம் பண்ணுது லைட் சும்மா தாங்குறதுக்குன்னு சொல்வாங்க, சிலர் ரெண்டும் சரிபாதின்னு சொல்வாங்க. 1989ல கேம்பிரிட்ஜ்ல டி1.3யோட ஹெவி வேரியபிள் டொமைனை மட்டும் தனியா பாக்டீரியால செஞ்சு பார்த்தாங்க, லைட் செயினே இல்லாம அது லைசோசைமை பிடிச்சுது, பிடி சுமார் 10 மடங்கு குறைஞ்சுது அவ்வளவுதான். அதைக் கேட்டுட்டு லைட் செயின் தேவையில்லன்னு முடிவு கட்டிடாதீங்க. வழக்கமா லைட் செயின் மூடி வச்சிருக்குற பக்கம் தண்ணியை வெறுக்குற அமினோ ஆசிடால ஆனது, தனியா விட்டா அந்தப் பக்கம் திறந்து போய் கண்டதோட ஒட்டும், சரியா கரையாது. ஒட்டகத்துல லைட் செயினே இல்லாத ஆன்டிபாடி இருக்குன்னு 1993ல தெரிய வந்தப்ப பார்த்தா அதுல அந்தப் பக்கமே தண்ணிக்கு ஏத்த மாதிரி மாறியிருக்கு. அதனால எலி ஆன்டிபாடில லைட்டை கழட்டிட்டு அதே மாதிரி நடக்கும்னு எதிர்பார்க்கறது நியாயமில்ல.

கடைசியா ஃபிரேம்வொர்க். இதை வெறும் சட்டம், எதை வேணாலும் மாத்திக்கலாம்னு நினைக்கறதாலதான் லேப்ல நிறைய நேரமும் காசும் போகுது. டி1.3யோட ஹெவி சிடிஆர் மூணையும் மனுஷ ஃபிரேம்வொர்க்ல ஒட்ட வச்சு, எலி லைட் செயினோட ஜோடி சேர்த்து, 1988ல கிரெக் வின்டர் குழு லைசோசைமை நல்லா பிடிக்க வச்சாங்க. அதைப் பார்த்தா சிடிஆரை எடுத்து நட்டா போதும்னு தோணும். ஆனா அதே வருஷம் கேம்பாத்-1ங்கிற எலி வகை ஆன்டிபாடியை அப்படியே மனுஷ ஃபிரேம்வொர்க்குக்கு மாத்தினப்போ பிடி ரொம்ப குறைஞ்சு போச்சு. ஹெவி செயின்ல 27வது இடத்துல இருந்த மனுஷ செரினை எடுத்துட்டு ஃபினைல்அலனின் போட்டதும்தான் பிடி திரும்ப வந்துது. அந்த ஃபினைல்அலனின் முதல் சிடிஆர் லூப்புக்கு அடியில முட்டுக் கொடுக்குது, அது இல்லன்னா லூப் வேற மாதிரி சாஞ்சுடும்.

இதுல ஒளிஞ்சிருக்குற சின்ன தப்பு நம்பரிங். கபாட் நம்பரிங்ல ஹெவி முதல் சிடிஆர் 31ல இருந்து 35 வரைக்கும், அதுல 27 வெளிய போயிடுது. லூப்போட வடிவத்தை வச்சுப் பார்க்கற சோத்தியா முறையில 26ல இருந்து 32 வரைக்கும், அதுல 27 உள்ள இருக்கு. அதே இடம், ஒருத்தர் லிஸ்ட்ல ஃபிரேம்வொர்க், இன்னொருத்தர் லிஸ்ட்ல சிடிஆர். டி1.3லயே ஹெவியோட 30வது திரியோனினும் லைட்டோட 49வது டைரோசினும் கபாட் கணக்குல ஃபிரேம்வொர்க்தான், ஆனா ரெண்டும் லைசோசைமை நேராவே தொடுது. அதனால சிடிஆர் கிராஃப்ட் பண்றதுக்கு சீக்வென்ஸ் ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி எந்த நம்பரிங்ல எடுத்தோம்னு ஃபைல்லயே எழுதிடுங்க, கபாட்ல எடுத்திருந்தா ஹெவில 26ல இருந்து 30 வரைக்கும் மூல ஆன்டிபாடில என்ன இருக்கு மனுஷ சீக்வென்ஸ்ல என்ன இருக்குன்னு பக்கத்துல பக்கத்துல வச்சு ஒரு தடவை கண்ணால பாருங்க, வித்தியாசம் இருந்தா மூலத்துல இருந்தபடியே வச்ச வெர்ஷன் ஒண்ணையும் சேர்த்தே ஆர்டர் போடுங்க.