திகதி தாண்டிய நூடில்ஸ், பிஸ்கட், சீரியல்: சாப்பிடலாமா, எறியலாமா?

பொரித்த நூடில்ஸ், கிரீம் கிராக்கர், கோன் ஃபிளேக்ஸ் போன்றவற்றில் ஈரம் மிகக் குறைவு. கிருமியோ பூஞ்சணமோ வளர அந்த ஈரம் போதாது. ஆகவே பொதி பிரியாமலும் நனையாமலும் இருக்கும் வரை, திகதி தாண்டிய மறுநாளே அவை நஞ்சாகிவிடுவதில்லை. உற்பத்தியாளர் அடிக்கும் திகதி, மூடிய பொதி நல்ல இடத்தில் இருந்தால் சுவையும் மொறுமொறுப்பும் எதுவரை நிற்கும் என்ற கணக்கு. ஆனால் எண்ணெய் கெடுவதற்குக் கிருமி தேவையில்லை. காற்றும் சூடும் போதும். கொழும்பின் வெக்கையில் அடுப்புக்கு மேலே உள்ள அலுமாரியில் கிடந்த பைக்கட், திகதிக்கு முன்பே காறிப்போகலாம்.

முதலில் கொழுப்பு வரியைப் பாருங்கள்

பொதியின் பின்பக்கத்தில் உள்ள ஊட்டச்சத்து அட்டவணையில் 100 கிராமுக்கு எத்தனை கிராம் கொழுப்பு என்று இருக்கும். பொரித்த நூடில்ஸில் ஏறக்குறைய 15 முதல் 20 கிராம், கிரீம் வைத்த பிஸ்கட்டில் பெரும்பாலும் 20க்கு மேல். வெறும் கோன் ஃபிளேக்ஸில் 1 கிராம் அளவுதான். கொழுப்பு கூடக்கூட, திகதி தாண்டிய பின் கிடைக்கும் அவகாசம் குறையும். 5 கிராமுக்குக் குறைவாக இருக்கும் நூடில்ஸ் பொரிக்காமல் காற்றில் உலர்த்தியது; அது கூடுதல் காலம் தாங்கும். கச்சானும் முந்திரியும் கலந்த மியூஸ்லி, பெயருக்குச் சீரியல் என்றாலும் எண்ணெய் நிறைந்த பொருள்தான்.

குழந்தைகளுக்கான சீரியலை மட்டும் இந்தச் சோதனைகளுக்கே எடுக்க வேண்டாம். அதில் சேர்த்த விற்றமின்கள் காலத்தோடு குறையும். அதை நம்பியிருக்கும் குழந்தைக்கு வேறு சாப்பாடும் அதிகமில்லை. திகதி தாண்டினால் எறிந்துவிடுங்கள்.

பொதி காற்று விடுகிறதா?

பைக்கட்டை ஒரு சட்டித் தண்ணீருக்குள் அமிழ்த்தி, மெல்ல அழுத்துங்கள். ஒட்டிய ஓரத்திலிருந்தோ மடிப்பிலிருந்தோ குமிழி வந்தால் காற்றும் ஈரமும் உள்ளே போய்வந்திருக்கின்றன. அப்போதே வெட்டிப் பார்க்கப்போகும் பைக்கட்டில் மட்டும் இதைச் செய்யுங்கள். இல்லையென்றால் இருக்கும் ஓட்டைக்குள் நீங்களே தண்ணீர் விட்டதாகும். வெட்டுவதற்கு முன் துடைத்துக் காயவிடுங்கள்.

வெள்ளத்தில் நனைந்த பைக்கட்டுக்கு எந்தச் சோதனையும் வேண்டாம். களனி ஆறு பெருகிக் கொலன்னாவைப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் வந்தால், அந்தத் தண்ணீரில் மலக்குழிக் கழிவும் கலந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத ஓட்டை ஒன்று போதும். திகதிக்கு இன்னும் ஒரு வருடம் இருந்தாலும் எறிய வேண்டியதுதான்.

வெந்நீர்ச் சோதனை

பைக்கட்டை வெட்டிய உடனே மூக்கருகே கொண்டுபோய் மணந்து பாருங்கள். அடைபட்டிருந்த மணம் முதல் சில நொடிகளில்தான் சரியாகத் தெரியும். சந்தேகமாக இருந்தால், பெருவிரல் அளவு துண்டை உடைத்து ஒரு சின்னக் கோப்பையில் நொறுக்கிப் போடுங்கள். இரண்டு மேசைக்கரண்டி கொதிநீர் ஊற்றித் தட்டால் மூடி, இரண்டு நிமிடம் கழித்துத் திறந்து மணந்து பாருங்கள். குளிர்ந்த துண்டில் ஒளிந்திருக்கும் காறல் மணம் ஆவியோடு எழும்பி வரும்.

நல்ல நூடில்ஸ் கோதுமையும் பொரித்த எண்ணெயுமாக மணக்கும். கெட்டது பழைய பெயின்ட், மெழுகுக் கலர்ப் பென்சில், அல்லது பலநாள் சட்டியில் கிடந்த எண்ணெய் போல மணக்கும். மணத்தில் ஐயம் இல்லாவிட்டால் மட்டும் ஒரு துணுக்கை மென்று துப்பிப் பாருங்கள். தொண்டையில் காறல் நின்றால் அது கெட்டதுதான்.

இதை மசாலாத்தூள் போடுவதற்கு முன் செய்ய வேண்டும். தொடக்கத்தில் பலர் தவறுவது இந்த இடத்தில்தான்: தூளும் மிளகாயும் சேர்ந்ததும் காறல் மணம் அமுங்கிப்போகும், எண்ணெய் மாறாது. கொதிக்க வைத்தாலும் மாறாது. 1964இல் ஜப்பானில் எண்ணெய் கெட்ட உடனடி நூடில்ஸைச் சாப்பிட்டுப் பலருக்கு வருத்தம் வந்தது. பொரித்த நூடில்ஸின் எண்ணெய் எவ்வளவு கெட்டிருக்கலாம் என்பதற்கு இன்று அங்கே சட்டப்படி எல்லை உண்டு.

எண்ணெய்ப் பாக்கெட் தனியாக இருந்தால் அதைத் தனியே மணந்து பாருங்கள். நூடில்ஸ் நன்றாக இருக்கும்போதே அது கெட்டிருக்கலாம்.

கண்ணால் பார்க்க வேண்டியவை

நல்ல வெளிச்சத்தில், வெள்ளைத் தட்டில் கொட்டிப் பரப்புங்கள். ஓடும் சின்னப் பழுப்பு வண்டு, புழு, துகள்களைக் கோத்து நிற்கும் மெல்லிய நூல் வலை, இவற்றில் எது இருந்தாலும் எறியுங்கள். பச்சையாகவோ கறுப்பாகவோ பஞ்சுபோல் படிந்திருந்தாலும், மழைக்காலத்து ஈரச்சாக்கு மணம் வந்தாலும் முழுப் பொதியும் குப்பைக்கு. பூஞ்சணம் பிடித்த பகுதியை மட்டும் கிள்ளியெறிந்து மிச்சத்தை வைத்திருக்காதீர்கள். சில பூஞ்சணங்கள் தானியத்திலும் கச்சானிலும் விடும் அஃப்ளடொக்சின் என்ற நஞ்சு வீட்டுச் சமையல் சூட்டில் அழியாது.

மூன்று பொருள், மூன்று முடிவு

வெள்ளவத்தையில் ஒரு மாடிவீட்டு அலுமாரியைச் சுத்தம் செய்யும்போது மூன்று பொருள் கிடைக்கின்றன என்று வைத்துக்கொள்வோம்.

திகதி ஏழு மாதம் தாண்டிய நூடில்ஸ் பைக்கட். கொழுப்பு 17 கிராம், குமிழி வரவில்லை. வெட்டியதும் வித்தியாசமாக ஒன்றும் மணக்கவில்லை. வெந்நீரில் போட்டு மூடித் திறந்ததும் மெல்லிய பெயின்ட் மணம். எறிந்தாயிற்று. தூள்ப் பாக்கெட் கட்டிபட்டிருந்தது ஈரத்தால் வந்த தரக்குறைவு மட்டும். நூடில்ஸைக் கைவிட்டதற்குக் காரணம் எண்ணெய்.

இரண்டு மாதம் தாண்டிய கிரீம் கிராக்கர், மூடியபடி. வெந்நீரிலும் நல்ல மணம்தான், ஆனால் கடித்தால் சவசவ என்றிருக்கிறது. தட்டில் ஒன்றின்மேல் ஒன்று படாமல் அடுக்கி, 150 பாகை அவனில் ஐந்து நிமிடம் வைத்து, எடுத்துப் பத்து நிமிடம் ஆறவிடுங்கள். மொறுமொறுப்பு ஆறும்போதுதான் திரும்பும். சூட்டோடு கடித்துப் பார்த்து "சரிவரவில்லை" என்று மீண்டும் வைத்தால் கருகிவிடும். அவன் இல்லாதவர்கள் தோசைக்கல்லில் மெல்லிய நெருப்பில் திருப்பித் திருப்பிச் சூடாக்கலாம். இது ஈரத்தை மட்டும் போக்கும், காறலைப் போக்காது.

மூன்றாவது, கிளிப் போட்டு வைத்த கோன் ஃபிளேக்ஸ். திகதிக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. தட்டில் கொட்டினால் செதில்கள் நான்கைந்து ஒன்றாகக் கோத்து வருகின்றன, நடுவில் நூல் வலை. அந்துப்பூச்சியின் புழு வேலை. பையோடு கட்டிக் குப்பையில் போட வேண்டும். அந்தப் புழு மெல்லிய பிளாஸ்டிக்கைத் துளைக்கும் என்பதால், அலுமாரியின் அதே தட்டில் இருந்த மா, பருப்பு, ஓட்ஸ் எல்லாவற்றையும் பிரித்துப் பாருங்கள். வலையும் வண்டும் காணாதவற்றை நான்கு நாள் ஃப்ரீசரில் வையுங்கள். மைனஸ் 18 பாகையில் முட்டையும் செத்துவிடும். வெளியே எடுத்த பை அறைச் சூட்டுக்கு வரும்வரை திறக்காதீர்கள், இல்லாவிட்டால் உள்ளே வியர்க்கும். பிறகு இறுக்கமான மூடியுள்ள போத்தலில் மாற்றி, அலுமாரியின் மூலைகளையும் ஆணித் துளைகளையும் துடைத்து, காய்ந்த பின் அடுக்குங்கள்.