ஏடிஎம்மில் இடது கைக்கும் வேலை கொடுங்கள்

2018-இல் ஒரு வெள்ளிக்கிழமை இரவு 11.52-க்கு என் கைப்பேசிக்கு வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்தது: பத்தாயிரம் ரூபாய் எடுக்கப்பட்டுள்ளது. 11.54-க்கு இன்னொரு பத்தாயிரம். எழுந்து உட்கார்ந்து, வங்கியின் எண்ணைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் 12.03-க்கு மூன்றாவது, 12.05-க்கு நான்காவது. என் கார்டின் ஒருநாள் வரம்பு இருபதாயிரம். நள்ளிரவில் தேதி மாறியதும் புது வரம்பு கிடைத்துவிடுகிறது. அதனால்தான் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். கார்டு என் பர்ஸில்தான் இருந்தது. பணம் எடுக்கப்பட்டதோ வேறு மாநிலத்தில்.

பிறகு காவல் நிலையத்தில் கேட்ட முதல் கேள்வி: "பின் எண்ணை யாரிடமாவது சொன்னீர்களா?" இல்லை. அடுத்தது: "எண்ணை அழுத்தும்போது கையால் மறைத்தீர்களா?" எதற்கு மறைக்க வேண்டும், அறையில் நான் ஒருவன்தானே இருந்தேன் என்றேன். அங்கேதான் ஏமாந்திருக்கிறேன். வரிசையில் நான்கு பேர் நிற்கும்போது மறைப்பவன், ஆளில்லாத அறையில் கையை வீசிக்கொண்டு அழுத்தியிருக்கிறேன். பார்த்தது ஆள் அல்ல, கேமரா.

திருடனுக்கு என்ன தேவை?

இரண்டு பொருள்கள். கார்டின் பின்பக்கத்துக் கறுப்புக் காந்தப் பட்டையில் உள்ள விவரம் ஒன்று, உங்கள் பின் எண் இன்னொன்று. முதலாவதை எடுக்கக் கார்டு நுழையும் வாயின் மீது அதே நிறத்தில், அதே வடிவத்தில் ஒரு போலி வாயைப் பொருத்துகிறார்கள். இதுதான் ஸ்கிம்மர். கார்டு அதைக் கடந்து போகும்போதே பட்டையைப் படித்துவிடும். இயந்திரமும் வழக்கம்போல் பணம் தரும், உங்களுக்குச் சந்தேகமே வராது. படித்த விவரத்தை வெற்றுக் கார்டு ஒன்றில் ஏற்றினால் நகல் தயார்.

ஆனால் பின் எண் அந்தப் பட்டையில் இல்லை. எனவே விசைப்பலகையைப் பார்க்கும்படி ஒரு சிறு கேமராவை எங்கேயாவது ஒளித்து வைத்தாக வேண்டும், அல்லது யாராவது தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்க வேண்டும். 2016-இல் திருவனந்தபுரத்தில் நடந்த திருட்டில், மேற்கூரையில் புகையை உணரும் கருவிபோல் தோன்றிய ஒன்றுக்குள் கேமரா இருந்தது. நம்மில் யார் அண்ணாந்து பார்க்கிறோம்?

ஸ்கிம்மரைக் கண்டுபிடிப்பது நம் கையில் முழுதாக இல்லை. சில வகைகள் வாயின் உட்புறத்திலேயே போய் உட்கார்ந்துகொள்கின்றன, வெளியே துளியும் தெரியாது. பின் எண்ணை மறைப்பது மட்டும் ஏறத்தாழ முழுக்க நம் கையில் இருக்கிறது. ஆகவே இந்தப் பதிவில் பெரும்பகுதி அதைப் பற்றித்தான்.

முதல் படி: பத்து விநாடிச் சோதனை

கார்டு வாயை இரண்டு விரலால் பிடித்து இழுத்துப் பாருங்கள். அசைந்தாலோ, ஓரத்தில் பசை தெரிந்தாலோ திரும்பி வந்துவிடுங்கள். விசைப்பலகைக்கு மேலே உள்ள பகுதியில் புதிதாக ஒட்டிய பட்டி, ஊசித்துளை, தேவையில்லாத இடத்தில் துண்டறிக்கைப் பெட்டி ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தால் போதும். இதற்கு மேல் துப்பறிய வேண்டாம்.

இரண்டாம் படி: கையால் மறைப்பது

எளிது என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், இரண்டு வாரம் தவறாகவே செய்துகொண்டிருந்தேன்.

முதல் தவறு, கையைப் பக்கவாட்டில் சுவர்போல் வைத்தது. பக்கத்தில் நிற்பவருக்கு அது போதும். கேமரா பெரும்பாலும் மேலிருந்து பார்க்கிறது. எனவே இடது கையைக் கூரைபோல் வைக்க வேண்டும்: விரல்களைச் சேர்த்து, உள்ளங்கை கீழ்நோக்கி, விசைகளுக்கு மேலே நான்கு விரற்கடை உயரத்தில். சுண்டுவிரல் பக்கம் திரையை நோக்கி இருந்து சற்றுக் கீழே சாயட்டும். முன்னால் உங்கள் உடம்பே மறைத்துக்கொள்ளும், அதனால் இயந்திரத்தை ஒட்டி நில்லுங்கள். பர்ஸையோ மடித்த செய்தித்தாளையோ பிடித்தாலும் சரி. எனக்குக் கைதான் பிடிக்கும், மறந்து வைத்துவிட்டு வர முடியாது.

இரண்டாம் தவறு இன்னும் வேடிக்கை. சரியாகக் கூரை போட்டால் விசைகள் எனக்கே தெரியவில்லை. தெரியவில்லை என்றதும், என்னை அறியாமல் கையைத் தூக்கினேன். தூக்கிய கணமே மறைத்த பலன் போய்விட்டது. எனக்குத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் இதைத்தான் செய்கிறார்கள்: மறைக்கிறார்கள், எட்டிப் பார்க்கிறார்கள், கையை உயர்த்துகிறார்கள்.

இதற்குத் தீர்வு 5 என்ற விசையில் இருக்கிறது. அதன் நடுவில் சிறு மேடு ஒன்று உண்டு, பார்வையற்றோருக்காக வைத்தது. அடுத்த முறை விரலால் தடவிப் பாருங்கள். வலது கை நடுவிரலை அதன்மேல் வைத்தால் மேலே 2, கீழே 8, அதற்கும் கீழே 0, இடப்பக்கம் 4, வலப்பக்கம் 6. சுட்டுவிரல் இடது வரிசைக்கு, மோதிர விரல் வலது வரிசைக்கு. உதாரணமாக 7-1-6-4 என்றால்: சுட்டுவிரல் கீழே, அதே விரல் மேலே, மோதிரவிரல் நடுவில், சுட்டுவிரல் நடுவில். கை இடம் மாறவே இல்லை, விரல்கள் மட்டும் அசைகின்றன. வீட்டில் கைப்பேசியின் எண் பலகைமேல் கைக்குட்டையைப் போட்டு ஐந்தாறு தடவை பழகினேன். ஏடிஎம்மின் எண்கள் கைப்பேசியில் உள்ள அதே வரிசையில்தான் இருக்கும். கணினி விசைப்பலகையில் பழகாதீர்கள், அதில் 7-8-9 மேலே இருப்பதால் எல்லாம் தலைகீழாகிவிடும்.

2580 என்பது உங்கள் எண்ணாக இருந்தால் இன்றே மாற்றுங்கள். நடு வரிசையில் நேராக இறங்கும் எண் அது. விசையே தெரியாவிட்டாலும், முழங்கை பின்னால் நகர்வதை வைத்துப் பின்னால் நிற்பவர் சொல்லிவிடலாம்.

ஒரு கிளைக்கதை: விரல் பட்ட விசையில் தங்கும் சூட்டை வெப்பக் கேமராவால் படித்து எண்ணைக் கண்டுபிடிக்கலாம் என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் 2011-இல் இதைச் சோதித்தார்கள். நெகிழி விசைகளில் ஓரளவு முடிந்தது, உலோக விசைகளில் முடியவில்லை. நம் ஊர் ஏடிஎம்களில் பெரும்பாலும் உலோக விசைகள்தான். மனம் கேட்கவில்லை என்றால் முடித்ததும் எல்லா விசைகளின் மீதும் உள்ளங்கையை ஒரு நொடி வையுங்கள்.

மூன்றாம் படி: கைப்பேசியில் செய்ய வேண்டியவை

வங்கிச் செயலியில் கார்டுப் பகுதிக்குப் போய் வெளிநாட்டுப் பயன்பாட்டை அணைத்து வையுங்கள். இப்போது நம் கார்டுகளில் சிப் இருக்கிறது, அதை நகலெடுத்துப் பயன்படுத்த முடியாது. ஆனால் பின்பக்கப் பட்டை இன்னும் இருக்கிறது. அதன் நகலைச் சிப் கேட்காத நாடுகளுக்குக் கொண்டுபோகிறார்கள். அடுத்து, ஒருநாள் வரம்பைக் குறையுங்கள். என்னுடையது ஐயாயிரம். தேவைப்படும் நாளில் இரண்டு நிமிடத்தில் உயர்த்திக்கொள்கிறேன்.

ஸ்டேட் வங்கிக் கார்டை அதே வங்கியின் ஏடிஎம்மில் போட்டுப் பத்தாயிரமோ அதற்கு மேலோ எடுத்தால் கைப்பேசிக்கு ஒருமுறைக் கடவு எண் வரும். 2020 செப்டம்பரிலிருந்து இது நாள் முழுவதும் உண்டு. தொல்லை என்று திட்டுபவர்கள் இருக்கிறார்கள். நான் திட்டுவதில்லை.

அலைவரிசையைத் தடுக்கும் கார்டு உறை என்று கடைகளில் விற்கிறார்களே, அதை வாங்காதீர்கள். ஸ்கிம்மருக்குள் போகும்போது கார்டு உறைக்குள்ளா இருக்கப்போகிறது?

பணம் போய்விட்டால்

முதலில் கார்டை முடக்குங்கள், பிறகு மற்றவை. நான் 12.20-க்கு முடக்கி, புகார் எண்ணைக் குறித்துக்கொண்டேன். மறுநாள் இரண்டாம் சனிக்கிழமை, வங்கி விடுமுறை. அன்றே காவல் நிலையத்தில் மனு கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கினேன். திங்கட்கிழமை அதன் நகலுடன் கிளையில் எழுத்துப் புகார். இன்றென்றால் இணையவழிப் பண மோசடிகளுக்கான 1930 என்ற உதவி எண்ணையும் உடனே அழைத்திருப்பேன், cybercrime.gov.in தளத்திலும் பதிந்திருப்பேன்.

கிளையில் இருந்தவர், "பின் எண் போட்டுத்தான் எடுத்திருக்கிறார்கள், எனவே உங்கள் தவறு" என்றார். நான் 2017 ஜூலை 6 தேதியிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கையை அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தேன். தவறு வங்கியிலும் இல்லாமல் வாடிக்கையாளரிடமும் இல்லாமல் வெளியே நடந்திருந்து, மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்துவிட்டால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பு இல்லை என்றது அது. தவறு வாடிக்கையாளருடையது என்றால் அதை வங்கிதான் நிரூபிக்க வேண்டும். புகார் சொன்ன பத்து வேலை நாட்களுக்குள் தொகையைக் கணக்கில் தற்காலிகமாக வரவு வைக்கவும் வேண்டும். ஒன்பதாம் நாள் நாற்பதாயிரமும் வந்தது. பின் எண்ணைக் கார்டு உறையில் எழுதி வைத்திருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும்.

பின்சேர்க்கை 1: "பணம் எடுக்கும் முன் கேன்சல் விசையை இரண்டு முறை அழுத்தினால் பின் எண் திருட முடியாதாமே?" என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். பொய். கேன்சல் விசை அந்த நடவடிக்கையை ரத்து செய்யும், அவ்வளவுதான். ஒட்டி வைத்த கேமராவுக்கு அதனால் என்ன?

பின்சேர்க்கை 2: கை மறைப்பு எங்கே தோற்கும் என்று ஒரு வாசகர் சரியாகவே கேட்டார். அசல் விசைப்பலகைமேல் போலி விசைப்பலகையைப் பதித்திருந்தால் தோற்கும். அது அழுத்தங்களையே பதிவு செய்துகொள்ளும். பலகை வழக்கத்தைவிட மேடாக இருந்தாலோ, விசைகள் மெத்தென்று அழுந்தினாலோ கார்டை எடுத்துக்கொண்டு நகருங்கள்.

பின்சேர்க்கை 3: கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி எழுதியது. அவர் அம்மாவுக்கு இயந்திரம் இயக்கத் தெரியாது. "கொடுங்கம்மா, நான் எடுத்துத் தருகிறேன்" என்று ஒரு பையன் வாங்கி, எண்ணையும் கேட்டு, பணத்தையும் கொடுத்திருக்கிறான். திருப்பித் தந்தது அதே வங்கியின், அதே நிறத்து, வேறொருவர் கார்டு. வீட்டுக்கு வந்து மூன்று மணி நேரம் கழித்துத்தான் பெயர் வேறு என்று கவனித்திருக்கிறார்கள். இங்கே ஸ்கிம்மரே தேவைப்படவில்லை. அம்மாவின் கார்டில் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்துக் கொடுக்கச் சொன்னேன். பொட்டு இல்லாத கார்டைக் கையில் வாங்கக் கூடாது என்பது மட்டும் அம்மாவுக்குப் பாடம். கூடவே, அந்தக் கணக்கில் மாதச் செலவுக்கு மேல் பணம் வைக்காமல் மீதியை ஏடிஎம் கார்டு இல்லாத கணக்குக்கு மாற்றிவிட்டார்கள்.

பின்சேர்க்கை 4: கார்டை உள்ளிழுக்கும்போது சில இயந்திரங்கள் விக்கி விக்கி இழுக்கின்றனவே, பழுதா என்று கேட்டிருந்தார்கள். பழுது அல்ல. வெளியே ஒட்டியிருக்கும் ஸ்கிம்மர் பட்டையைச் சீராகப் படிக்கக் கூடாது என்று வேண்டுமென்றே அப்படி அமைக்கிறார்கள்.